சின்ன ஸ்கின்கேர் பிராண்டும் மைக்ரோ இன்ஃப்ளூயன்ஸரும்: கிஃப்ட், காசு, கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாங்க வீட்டுக்கிட்டயே சின்ன யூனிட் வச்சு ஃபேஸ் ஆயில் விக்கறோம். ஒரு பாட்டில் ஃப்ரீயா அனுப்பினா அவங்க ரீல் போட்டுத்தானே ஆகணும்?

இல்லைங்க. நாங்களும் உங்களை மாதிரி சென்னைல ஃபேஸ் ஆயில் விக்கறவங்கதான், எங்ககிட்ட வர்ற சண்டைல பாதி இங்கதான் ஆரம்பிக்குது, அதனால இதை முதல்ல பொறுமையா சொல்லிடறேன்.

ப்ராடக்ட் அனுப்பறதுல மூணு விதம் இருக்கு. முதல் விதம் நெஜமான கிஃப்ட். அனுப்புவீங்க, அவங்க யூஸ் பண்ணலாம், அம்மாவுக்குக் கொடுக்கலாம், போஸ்ட் போடலாம், போடாமலும் இருக்கலாம், நீங்க எதுவும் கேக்க முடியாது. ரெண்டாவது பார்ட்டர், அதாவது "இந்தப் பொருளுக்குப் பதிலா ரெண்டு ஸ்டோரி"ன்னு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கறது. மூணாவது காசு கொடுத்து செய்யச் சொல்றது, பொருள் தனி, ஃபீஸ் தனி.

தப்பு எங்க நடக்குதுன்னா முதல் விதம் மாதிரி அனுப்பிட்டு ரெண்டாவது விதம் மாதிரி எதிர்பார்க்கறோம். "சும்மா ட்ரை பண்ணிப் பாருங்க மா"ன்னு அனுப்பிட்டு பத்தாவது நாள் "எப்ப ரீல் போடறீங்க"ன்னு மெசேஜ் பண்ணினா அந்தப் பொண்ணுக்கு என்ன தோணும்? கேக்காம கையில கொடுத்துட்டு அப்புறம் பில் நீட்டின மாதிரிதான் இருக்கும்.

நான் இப்போ அனுப்பறதுக்கு முன்னாடியே வாட்ஸாப்ல இப்படி எழுதிடறேன்: "இது கிஃப்ட் மட்டும்தான், போஸ்ட் போடணும்னு எதுவும் இல்ல. போடணும்னு தோணிச்சுன்னா கிஃப்டா வந்ததுன்னு சொல்லிடுங்க. உங்களுக்கு நட்ஸ் அலர்ஜி, எக்ஸிமா மாதிரி ஏதாவது இருந்தா முன்னாடியே சொல்லுங்க, அனுப்ப வேண்டாம்." எங்க ஆயில்ல பாதாம் எண்ணெய் இருக்கு, அதான் அந்தக் கடைசி வரி. அட்ரஸ் கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேக்கணும், பார்சல் போனப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல.

அப்போ எப்ப காசு கொடுக்கணும், எவ்வளவு கொடுக்கறது நியாயம்?

"இந்தத் தேதில, இந்த மாதிரி, இத்தனை செகண்ட் வீடியோ"ன்னு நீங்க ஒண்ணு கேட்ட உடனே அது வேலை ஆயிடுச்சு, வேலைக்குக் காசு கொடுக்கணும். 549 ரூபா பாட்டில்னு நீங்க சொன்னாலும் உங்களுக்கு அது 165 ரூபாதான் ஆகுது, அவங்களுக்கோ மூணு வாரம் தினம் ராத்திரி முகத்துல போட்டுப் பாக்கறது, அரை நாள் ஷூட், ராத்திரி உக்காந்து எடிட், கமெண்ட்ல வர்றவங்களுக்கெல்லாம் பதில் சொல்றதுன்னு போகுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பார்ட்டர் எப்ப சரி, எப்ப சரியில்லன்னு புரிஞ்சிடும். ஒரு ஸ்டோரிக்கு ரெண்டு பாட்டில்னு அவங்களே சந்தோஷமா ஒத்துக்கிட்டா ஓகே, ரீலுக்கு பார்ட்டர் கேக்கறதை நான் நிறுத்திட்டேன்.

தொகையை ஃபாலோயர் எண்ணிக்கைய வச்சு முடிவு பண்ணாதீங்க. கடைசி பத்து ரீலோட வியூஸை வரிசையா எழுதி நடுவுல இருக்கற நம்பரைப் பாருங்க, ஏதோ ஒண்ணு வைரல் ஆனதைப் பாத்து ஏமாற மாட்டீங்க. கூடவே அவங்களோட இன்சைட்ஸை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கா அனுப்பச் சொல்லுங்க, ஸ்க்ரீன்ஷாட்டை மாத்திடலாம், ரெக்கார்டிங்ல அது கஷ்டம். அதுல முக்கியமா எந்த ஊர்க்காரங்க பாக்கறாங்க, என்ன வயசு, ஆணா பொண்ணான்னு பாருங்க. ஒரு தடவை மேக்கப் போட்டுக் காட்டற பொண்ணு ஒருத்தவங்களைக் கேட்டேன், பாக்கறவங்கள்ல முக்கால்வாசி ஆம்பளைங்க, ஊரும் சென்னையே இல்ல. அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது, ஆனா என் ஃபேஸ் ஆயில் அங்க போகாது.

கமெண்ட்ஸையும் படிங்க. "சூப்பர் அக்கா", ஹார்ட், நெருப்பு எமோஜின்னே இருந்தா அது ஃப்ரெண்ட்ஸ் கூட்டம். "எண்ணெய்ப்பசை ஸ்கின்னுக்கு ஒத்துக்குமா", "வேளச்சேரில கடைல கிடைக்குமா"ன்னு கேள்வி வருதுன்னா அங்க வாங்கறவங்க இருக்காங்க.

அக்ரிமென்ட்னு பெருசா வக்கீல் வச்சு எழுதணுமா? என்னென்ன இருக்கணும்?

வாட்ஸாப்லயோ மெயில்லயோ ஒரு பக்கத்துக்கு எழுதி, அவங்க "ஓகே"ன்னு பதில் போட்டா எங்க அளவுக்குப் போதும். என்ன வேலை (ஒரு ரீல், ரெண்டு ஸ்டோரி லிங்க்கோட), எப்ப டிராஃப்ட், எப்ப போஸ்ட், எத்தனை தடவை திருத்தம், எவ்வளவு காசு எப்ப வரும், இதெல்லாம் எல்லாரும் எழுதிடுவாங்க. நான் பாதி அட்வான்ஸ், மீதி போஸ்ட் போட்ட ஏழு நாளுக்குள்ளன்னு எழுதறேன், "சேல்ஸ் வந்தப்புறம் பாக்கறேன்"னு சொல்றது அநியாயம், ஏன்னா சேல்ஸ் உங்க விலை, உங்க வெப்சைட், உங்க ஸ்டாக் எல்லாத்தையும் பொறுத்தது. திருத்தம் ஒரு தடவைதான், அதுவும் தப்பான தகவல் இருந்தா மட்டும், அவங்க பேசற ஸ்டைலை மாத்தச் சொல்றதுக்கு இல்ல.

விட்டுப் போறது ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்த வீடியோவை நீங்க எங்கெங்க யூஸ் பண்ணலாம்ங்கறது. அவங்க பேஜ்ல போட்டதுக்குத்தான் காசு கொடுத்தீங்க, அதையே எடுத்து நீங்க காசு கட்டி விளம்பரமா ஓட்டினா அது வேற உபயோகம், அவங்க முகம் ஆறு மாசம் ஊர்பூரா சுத்தும். அதுக்கு "30 நாள், இன்ஸ்டாகிராம் ஆட்ல மட்டும், இவ்வளவு கூடுதல்"னு தனியா பேசுங்க. இன்னொண்ணு, "வேற ஸ்கின்கேர் பிராண்ட் எதையும் எடுக்கக்கூடாது"ங்கறது. மூணு மாசம் அவங்க வருமானத்தை அடைச்சு வைக்கறீங்க, அதுக்கு உங்களால ஈடுகட்ட முடியுமா? என்னால முடியாது, அதனால போஸ்ட் போட்ட அன்னிக்கும் அடுத்த ஒரு வாரமும் இன்னொரு ஃபேஸ் ஆயில் மட்டும் வேண்டாம்னு கேக்கறேன், யாரும் இதுவரைக்கும் மறுத்ததில்ல.

அவங்க ஸ்கின்னுக்கு ஒத்துக்கலைன்னா? இல்ல பிடிக்கலைன்னு சொல்லிட்டா கொடுத்த காசு போச்சா?

இதுக்கு முன்னாடியே ஒரு வரி எழுதி வச்சிருக்கணும். எங்களுது இப்படி: முதல்ல காதுக்குப் பின்னாடி இல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாக்கணும். அரிப்பு, சிவப்பு வந்தா நிறுத்திடணும், வீடியோ வேண்டாம், அட்வான்ஸ் அவங்களுக்கே. ஒத்துக்கிச்சுன்னா குறைஞ்சது மூணு வாரம் யூஸ் பண்ணிட்டுத்தான் ஷூட்.

மூணு வாரம்னு ஏன் சொல்றேன்னா, மேல்தோல் செல் புதுசாகி வர சுமாரா நாலு வாரம் ஆகும், ரெண்டு நாள்ல "என் ஸ்கின்னே மாறிடுச்சு"ன்னு சொன்னா பாக்கறவங்க நம்ப மாட்டாங்க, நம்பினா அது இன்னும் மோசம்.

ரெண்டு வருஷம் முன்னாடி இந்த வரி இல்லாம ஒருத்தவங்களுக்கு அனுப்பிட்டேன், அவங்களுக்குத் தாடைல பொரிப்பொரியா வந்துடுச்சு, தேதி நெருங்கிடுச்சேன்னு மேக்கப் போட்டு மறைச்சு வீடியோ எடுத்துட்டாங்க. எனக்கு அவங்களே ஃபோன் பண்ணி "அக்கா, மனசு கேக்கல"ன்னு சொன்னப்போதான் தெரியும். அன்னிக்கே வீடியோவை நிறுத்திட்டு முழுக் காசையும் அனுப்பினேன். அந்தப் பொண்ணை அப்படி ஒரு நிலைமைல நிறுத்தினது நான்தான்.

பிடிக்கலைங்கறது வேற விஷயம். "வாசனை எனக்கு ஜாஸ்தியா தெரிஞ்சுது, மத்தபடி ஓகே"ன்னு சொன்னா விட்டுடுங்க, அந்த ஒரு வரி இருக்கறதாலதான் மத்ததை நம்புவாங்க. மொத்தமா பிடிக்கலைன்னா போஸ்ட் வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கலாம். காசு கொடுத்துட்டேன், நல்லதா சொல்லுங்கன்னு மட்டும் கேக்கக்கூடாது.

கிஃப்ட்தானே கொடுத்தோம், விளம்பரம்னு போடணுமா? ரீச் குறையுமேன்னு அவங்களே தயங்கறாங்க.

போடணும். விளம்பரத் துறையோட சுய கட்டுப்பாட்டு அமைப்பு ஆஸ்கி 2021ல இன்ஃப்ளூயன்ஸர்களுக்குன்னு வழிகாட்டுதல் கொண்டுவந்துச்சு, மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரில ஒண்ணு வெளியிட்டாங்க. ரெண்டுலயும் காசு மட்டும் இல்ல, ஃப்ரீயா வந்த பொருள், தள்ளுபடி எல்லாமே சொல்ல வேண்டிய தொடர்புதான். மறைச்சு தப்பா விளம்பரம் பண்ணினா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு, அது உங்க மேலயும் வரலாம், அவங்க மேலயும் வரலாம்.

எப்படிப் போடறதுன்னா, "Free gift", "Ad", "Collaboration" மாதிரி தெளிவான வார்த்தை, கேப்ஷனோட முதல் ரெண்டு வரிக்குள்ள. முப்பது ஹாஷ்டேக்குக்கு நடுவுல ஒளிச்சு வைக்கறது கணக்குல வராது, "நன்றி அனுப்பினதுக்கு"ன்னு சொல்றதும் போதாது. 15 செகண்ட் வரைக்கும் உள்ள வீடியோன்னா லேபிள் குறைஞ்சது 3 செகண்ட் தெரியணும், அதுக்கு மேல ரெண்டு நிமிஷம் வரைக்கும்னா வீடியோ நீளத்துல மூணுல ஒரு பங்கு நேரம். தமிழ்ல பேசற வீடியோன்னா வாயாலயும் "இது அவங்க கிஃப்டா அனுப்பினது"ன்னு ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க, பாதிப் பேர் கேப்ஷனே திறக்கறதில்ல.

என்ன பேசலாம், என்ன பேசக்கூடாதுன்னு நாம சொல்லித் தரணுமா?

பேசக்கூடாததை மட்டும் சொல்லுங்க. நம்ம பாட்டில் காஸ்மெடிக் லைசென்ஸ்ல வர்றது, மருந்து இல்ல. "ஸ்கின் சாஃப்டா இருக்கு, வறட்சி தெரியல"ன்னு சொல்லலாம். "பரு குணமாகும்", "எக்ஸிமா போயிடும்"னு சொன்னா மருந்துக்கான வாக்குறுதி ஆயிடுது, அவங்க வாயால வந்தாலும் பொறுப்பு உங்களுது. "கலர் ஏறும்"ங்கறதை நான் எந்த வடிவத்துலயும் ஏத்துக்கறதில்ல, சட்டம் கிடக்கட்டும், நம்ம ஊர்ப் பொண்ணுங்க இதைக் கேட்டே வளர்ந்திருக்காங்க, போதும்.

மத்தபடி ஸ்க்ரிப்ட் எழுதிக் கொடுக்காதீங்க, அவங்க வீட்டு வெளிச்சத்துல அவங்க பேசற மாதிரியே பேசட்டும்.

எந்த ஆர்டர் அவங்களால வந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒரே வழில எல்லாத்தையும் பிடிக்க முடியாது, அதனால மூணு வலை போடறேன்.

முதல் வலை கூப்பன் கோடு. ஆளுக்கு ஒண்ணு, காதுல கேட்டாலே டைப் பண்ண வர்ற மாதிரி இருக்கணும். அடையாறுல இருக்கற பொண்ணுக்கு ADYAR10 வச்சோம். கோடுக்குக் கடைசித் தேதி வைங்க, இல்லைன்னா கூப்பன் சைட்டுக்குப் போயி ஆறு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாதவங்க யூஸ் பண்ணுவாங்க.

ரெண்டாவது வலை ஸ்டோரில போடற லிங்க். ரீல் கேப்ஷன்ல லிங்க் போட்டா அழுத்த முடியாது, ஸ்டோரி ஸ்டிக்கர்ல இல்ல பயோல போடணும். லிங்க்கோட வால்ல இந்த மாதிரி சேத்துட்டா வந்த வழி அனலிட்டிக்ஸ்ல தெரியும்:

```
https://example.com/face-oil?utm_source=instagram&utm_medium=influencer&utm_campaign=margazhi&utm_content=adyar_story1
```

மூணாவதுதான் நம்ம ஊருக்கு முக்கியம். நிறைய பேர் வெப்சைட்டுக்கே வர மாட்டாங்க, பிராண்ட் பேரைத் தேடி வாட்ஸாப்ல "ஆயில் இருக்கா"ன்னு கேட்டு ஜீபே பண்ணிடுவாங்க. அவங்களுக்காக இப்படி ஒரு லிங்க், அழுத்தினா கோடு தானாவே மெசேஜ்ல வந்து நிக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=ADYAR10
```

அது இல்லாம சும்மா மெசேஜ் பண்றவங்ககிட்ட "எங்க பாத்தீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டு நோட்ல குறிச்சுக்கணும். என் நாத்தனார்தான் ஆர்டர் எடுக்கறாங்க, பழைய டைரி ஒண்ணுல கட்டம் கட்டி எழுதறாங்க, அந்த டைரி இல்லைன்னா கீழ சொல்ற கணக்கே வந்திருக்காது.

நீங்க பண்ணின ஒண்ணைக் கணக்கோட சொல்லுங்களேன், லாபமா நஷ்டமா?

அந்த அடையாறு பொண்ணோடதையே சொல்றேன். எட்டாயிரத்துச் சொச்சம் ஃபாலோயர், மார்கழில ஒரு ரீல், ரெண்டு ஸ்டோரி. மார்கழின்னு வேணும்னேதான் வச்சோம், மே மாச வெயில்ல வேர்த்துக் கொட்டும்போது சென்னைல யாரு முகத்துல எண்ணெய் தேய்ப்பாங்க?

ஃபீஸ் 5,000. ரெண்டு பாட்டில் எங்களுக்கு ஆன செலவுல 330, கூரியர் 60. மொத்தம் 5,390 ரூபா.

ஒரு ஆர்டர்ல கையில என்ன நிக்குதுன்னு முதல்ல பாக்கணும், இங்கதான் பலபேர் விற்ற விலையையே வருமானம்னு எடுத்துக்கறாங்க. 549 ரூபாய்ல கூப்பன் 10 சதவீதம் போனா 494. அதுல 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளயே இருக்கு, அது 75. பாட்டில் 165, கூரியர் 60, பேக்கிங் 14, பேமெண்ட் கேட்வே 10. மிச்சம் 170. அப்போ போட்ட காசு திரும்பவே 32 ஆர்டர் வேணும்.

பத்து நாள்ல கோடு போட்டு 23 ஆர்டர் வந்துச்சு. அதுல மூணு கேஷ் ஆன் டெலிவரி, வாங்காம திரும்பி வந்துடுச்சு, போக வர கூரியர் 360 ரூபா நஷ்டம். மீதி 20ல ஃபோன் நம்பரை வச்சுப் பாத்தா நாலு பேர் எங்க பழைய கஸ்டமர், அவங்க எப்படியும் வாங்கியிருப்பாங்க, அதனால அவங்களைச் சேக்கல. ஆக 16 பேர், 2,720 ரூபா, நஷ்டம் கழிச்சா 2,360. அதாவது 3,030 ரூபா கைய விட்டுப் போயிருக்கு. என் வீட்டுக்காரர் அன்னிக்கே "இனிமே இதெல்லாம் வேண்டாம்"னுட்டார்.

அப்புறம் டைரியைத் திறந்தோம். "அடையாறு பொண்ணு வீடியோ"ன்னு சொன்ன புதுசா வந்தவங்க ஒன்பது பேர், கோடு இல்லாம முழு விலை, ஜீபேல வந்ததால கேட்வே காசும் இல்ல. ஒரு ஆர்டருக்கு 226 நின்னுச்சு, மொத்தம் 2,034. பள்ளம் 996ஆ குறைஞ்சுது.

30 மில்லி பாட்டில் தினம் போட்டா ஆறு ஏழு வாரம் வரும். அதனால ரெண்டு மாசம் முடியற வரைக்கும் கணக்கை மூடல. அந்த 25 புதுப் பேர்ல ஏழு பேர் திரும்ப வாங்கினாங்க, முழு விலைல, வாட்ஸாப்லதான், 1,582 ரூபா. கடைசில 586 ரூபா லாபம். பெரிய தொகை இல்லதான், ஆனா பத்தாவது நாள் மூவாயிரம் நஷ்டம்னு தெரிஞ்சது ரெண்டாவது மாசம் லாபமா மாறிச்சு, இது முழுக்க திரும்ப வாங்கறவங்களாலதான். கிரீம், ஆயில் மாதிரி தீர்ந்து போற பொருளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லாம முடிவு எடுக்கக்கூடாது.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஒன்பது பேர் சொன்னது உண்மையா, ரீல் பாக்கலைன்னாலும் வந்திருப்பாங்களான்னு நிரூபிக்க முடியாது. அதுக்கு நான் பண்றது, ரீலுக்கு முன்னாடி நாலு வாரமும் வாரத்துக்கு எத்தனை புது ஆர்டர்னு எழுதி வச்சுக்கறேன், அந்த நேரத்துல வேற ஆஃபர் எதுவும் விடறதில்ல. ரெண்டு பேரை ஒரே வாரத்துல போடச் சொல்லிட்டா யாரால வந்துச்சுன்னு தெரியவே தெரியாது.

லைக், வியூஸ் எல்லாம் பாக்கவே வேண்டாமா?

பாருங்க, ஆனா சேவ், ஷேர் ரெண்டையும் முதல்ல பாருங்க. ஸ்கின்கேர் ரீலை சேவ் பண்றவங்க சம்பளம் வந்ததும் வாங்கலாம்னு வச்சிருப்பாங்க, எங்களுக்கு மாசத்தோட முதல் வாரம் ஆர்டர் ஏறறதே அதுக்கு சாட்சி. போஸ்ட் போட்ட ஏழாவது நாளும் முப்பதாவது நாளும் இன்சைட்ஸ் அனுப்பணும்னு அக்ரிமென்ட்லயே சேத்துடுங்க, அப்புறம் கெஞ்ச வேண்டி வராது.

கிஃப்டுக்கு டாக்ஸ் ஏதாவது பிடிக்கணுமா?

2022 ஜூலை 1லேருந்து ஒரு டிடிஎஸ் விதி இருக்கு. ஒருத்தவங்களுக்கு ஒரு வருஷத்துல கொடுக்கற பொருளோட மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினா 10 சதவீதம். திருப்பி வாங்கிட்டா கணக்குல வராது. நீங்க தனி நபரா வியாபாரம் பண்றவங்க, முந்தின வருஷ விற்பனை ஒரு கோடிக்குள்ளன்னா உங்களுக்கு இது இல்ல, கம்பெனியா பதிவு பண்ணியிருந்தா உண்டு. ரெண்டு பாட்டில் ஆயில் அனுப்பறதுக்கு இது தொடாது, கிஃப்ட் ஹேம்பரா மாசாமாசம் அனுப்பறவங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ஒரு தடவை சுமாரா போச்சுன்னா அதே ஆளை மறுபடி கூப்பிடலாமா, இல்ல புது ஆளா?

ஆர்டர் கம்மின்னாலும் கமெண்ட்ல நல்ல கேள்விகள் வந்துச்சு, திரும்ப வாங்கறவங்க இருந்தாங்கன்னா அதே ஆளைக் கூப்பிடுவேன். அடையாறு பொண்ணு ரெண்டு மாசம் கழிச்சு, "பாட்டில் தீர்ந்துடுச்சு, இதோ மறுபடி"ன்னு காலி பாட்டிலைக் காட்டி ஒரு ஸ்டோரி போட்டாங்க, அதுக்கு 1,200 ரூபாதான் பேசினோம், அதுலயும் "Collaboration" லேபிள் போட்டாங்க. அந்த ஒரு ஸ்டோரிக்கு வந்த புது ஆர்டர் 11, முதல் ரீலை விட செலவுக்கு நல்லா வந்துச்சு.

கமெண்ட்ல ஒரு கேள்வியும் வரல, டைரில அவங்க பேரைச் சொல்லி யாருமே வரலைன்னா அவங்ககிட்ட நேரா சொல்லி, பேசின மீதிக் காசை அன்னிக்கே அனுப்பி முடிச்சுக்கறேன். இந்த ஊர்ல அவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறவங்க, யாரு காசை இழுத்தடிக்கறாங்கன்னு உங்க அடுத்த மெசேஜுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.